இசட் ஒன்று, இசட் அரை

அன்றைக்கு அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், சைக்கிள் கடை மாடியில் இருந்த டியூஷன் சென்டரில் ஆறு பேர் இருந்தோம். சென்டரை நடத்துபவர், தன்னை டைரக்டர் என்று தானே போர்டில் எழுதிக்கொண்டவர். அங்கே கணக்கு எடுக்கும் டீச்சர், புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்த சின்ன வயதுப் பெண். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர் வீட்டுக்காரரான வெல்டர். பிறகு என் வீட்டுக்காரர், பிளஸ் டூ படிக்கும் என் மகள், நான். வெல்டரின் பையனும் வந்திருக்க வேண்டும். வயிற்று வலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டான். மார்க் வந்த வாரத்தில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு வயிற்று வலி வருவது ஒன்றும் அதிசயமில்லை.

விஷயம் இதுதான். நுழைவுத் தேர்வுக்காக அந்த சென்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ஸ்பெஷல் பேட்ச் தொடங்கப் போகிறார்கள். ஒன்று இன்ஜினியரிங் போகிறவர்களுக்குக் கணக்கு. மற்றது மெடிக்கல் போகிறவர்களுக்கு உயிரியல். இரண்டும் ஒரே நேரத்தில். ஒன்றில் உட்கார்ந்தால் மற்றதில் உட்கார முடியாது. என் மகள் எதில் உட்காருவது என்பதுதான் கேள்வி. இதை முடிவு செய்ய சென்டர்காரர் இரண்டு மாதிரித் தேர்வு வைத்தார். கணக்கில் அவளுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு. உயிரியலில் எழுபத்தெட்டு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு இதில் கேள்வியே இல்லை. அறுபத்திரண்டைவிட எழுபத்தெட்டு பெரியது. அவளும் உயிரியல்தான் வேண்டும் என்கிறாள். தவளையை அறுத்துவிட்டு வந்து அதே கையோடு சாப்பிட உட்காருகிற பெண் அவள். முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் சென்டரிலிருந்து வந்த அட்டையில் மார்க்குக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றின் தலையில் 'இசட் ஸ்கோர்', மற்றதின் தலையில் 'பர்சன்டைல்'. கணக்குக்கு நேரே இசட் 1.0, பர்சன்டைல் 83. உயிரியலுக்கு நேரே இசட் 0.5, பர்சன்டைல் 67. அடியில் சிவப்பு மையில், 'கணக்கு பேட்ச் பரிந்துரைக்கப்படுகிறது. பெற்றோர் நேரில் வரவும்.'

எனக்குத் தூக்கம் போனது. எனக்குத் தூக்கம் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். கேஸை மூடினேனா என்ற சந்தேகம் போதும். மகளின் வாழ்க்கை ஒரு கட்டத்துக்குள் புள்ளி வைத்த எண்ணாக உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். உயிரியலில் பதினாறு மார்க் அதிகம் எடுத்தவள் எப்படி அதில் மட்டமாவாள்? எடுத்த மார்க்கை யாராவது எடுத்துவிட்டார்களா? குறைத்துப் போடும் அளவுக்கு நாம் ஏதாவது தப்பாக நடந்துகொண்டோமா? போன மாதம் ஃபீஸ் இரண்டு நாள் தள்ளிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

என் வீட்டுக்காரர் கவலையே படவில்லை. அவர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருப்பவர். கடைந்து வருகிற உருப்படிகளை அளந்து பார்த்து, சரி, தள்ளு என்று பிரித்து வைப்பது வேலை. அட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுல என்னடி குழப்பம்? இது எங்க டிபார்ட்மென்ட் சமாச்சாரம். சராசரியில இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு போட்டிருக்கான். ஜீரோவுக்குக் கிட்ட இருந்தா நல்ல பீஸு. பயாலஜி அரை, கணக்கு ஒண்ணு. கணக்குதான் அளவு தப்பியிருக்கு. பயாலஜி பாஸ்."

இவ்வளவு தெளிவாக ஒருவர் பேசினால் நம்பத்தானே தோன்றும்? அன்று இரவு கொஞ்சம் தூங்கினேன்.

எதிர் வீட்டு வெல்டர் வேறு மாதிரி படித்து வைத்திருந்தார். அவர் பையனுக்குக் கணக்கில் 53, உயிரியலில் 66. இசட் கட்டத்தில் கணக்குக்கு 0.25, உயிரியலுக்கு மைனஸ் 0.5. பர்சன்டைல் 60, 30. அறுபத்தாறு என்ற எண்ணை அந்த மனிதர் பார்க்கவே இல்லை. மைனஸைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்டது.

"ஜீரோ வாங்குனவன பாத்துகீறேன். ஜீரோவுக்குக் கீழ போனவன இப்பதான்டா பாக்குறேன்! வாத்தியாருக்கே அரை மார்க் குடுக்கணுமா நீ?"

பையன் மறுநாளிலிருந்து கிரிக்கெட் மட்டையைத் தொடவில்லை. வயிற்று வலியும் அன்றுதான் ஆரம்பித்தது.

இப்படி ஆளுக்கொரு அர்த்தத்தோடுதான் அந்த மாடிக்கு ஏறினோம். படிக்கட்டு முழுக்கப் பழைய டயர். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கதவு தடதடத்தது. டைரக்டர் எங்களை மாணவர்களின் பெஞ்சில் உட்காரச் சொன்னார். முழங்கால் மேசையில் இடித்தது. நாற்பது வயதில் அப்படி உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் பரீட்சை பயம் வந்துவிடும். எனக்கு வந்தது.

"பேரன்ட்ஸ் எல்லாரும் மார்க்கை மட்டும் பாக்குறீங்க. அது பழைய காலம்" என்று டைரக்டர் ஆரம்பித்தார். கையில் சுண்ணக்கட்டியை சிகரெட் மாதிரி பிடித்திருந்தார். "நாங்க சயின்டிஃபிக்கா பாக்குறோம். மெட்ராஸ்ல எந்த சென்டர்லயும் இது கிடையாது."

"மெட்ராஸ்லயே இல்லாதது அம்பத்தூர்ல இன்னாத்துக்கு சார்?" என்றார் வெல்டர்.

டைரக்டர் அதைக் காதில் வாங்காமல் கரும்பலகையில் எழுதினார். ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன முறையில் குற்றமில்லை. கணக்குத் தேர்வு கஷ்டமாக இருந்தது, எழுதியவர்களின் சராசரி ஐம்பதுதான். என் மகள் அறுபத்திரண்டு. சராசரியைவிடப் பன்னிரண்டு அதிகம். உயிரியல் சுலபம், அதில் சராசரியே எழுபத்திரண்டு. அவள் எழுபத்தெட்டு. ஆறுதான் அதிகம்.

"அதிகம்னா மட்டும் போதாது. மார்க்கெல்லாம் எவ்வளவு பரவிக் கிடக்குன்னு பாக்கணும். எல்லாரும் சராசரிய ஒட்டியே மார்க் வாங்கியிருந்தா நாலு மார்க் அதிகம் வாங்கினாலே பெரிய விஷயம். ஆளுக்கொரு மூலையில இருந்தா பத்து மார்க்கும் ஒண்ணுமில்ல. அந்தப் பரவலுக்குத் திட்ட விலக்கம்னு பேரு. ரெண்டு பரீட்சையிலயும் அது பன்னிரண்டு. சராசரிக்கு மேல இருக்கறத அதால வகுத்தா இசட். கணக்குல பன்னிரண்ட பன்னிரண்டால வகுத்தா ஒண்ணு. பயாலஜில ஆற பன்னிரண்டால வகுத்தா அரை. எதும்மா பெருசு?"

கடைசிக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணு சார்" என்றேன். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு சந்தோஷம் வேறு வந்தது. வெட்கக்கேடு.

என் வீட்டுக்காரர் எழுந்தார். அவர் எழுந்ததும் என் கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டது.

"சார், விலகல்னு நீங்களே சொல்லிட்டீங்க. விலகல் கம்மியா இருக்கறதுதானே நல்லது? எங்க இன்ஸ்பெக்ஷன்ல ஒரு பின்னு சராசரி அளவுக்கு ஒரு திட்ட விலக்கம் மேல போனா நாங்க ஒரு கண்ணு வச்சிருப்போம். அரைன்னா பேசாம உள்ள விட்டுருவோம். அப்போ பயாலஜிதான்..."

டைரக்டர் சிரித்தார். நிதானமாக, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சார், உங்க பொண்ணு என்ன பின்னா? ஃபேக்டரியில எல்லா பின்னும் ஒரே மாதிரி இருக்கணும். பரீட்சையில எல்லாரையும் விட மேல போகணும். ஜீரோன்னா சராசரி. சராசரிப் பொண்ணு வேணுமா உங்களுக்கு? ஆயிரம் பின்னோட இன்னொரு பின்னா, அதே அளவு, அதே மாதிரி?"

வெல்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மாமே, பொண்ண கேஜ் வச்சு அளந்துட்டியா நீ!"

இருபது வருஷமாக அளந்து பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டு வருகிற மனிதர். அவரை அந்தச் சின்ன பெஞ்சு முன்னால் நிறுத்தி அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. அவர் முகம் எனக்குத் தெரியும். அடுத்து என்ன செய்வார் என்றும் தெரியும். தோற்றுப்போன ஆம்பளை தோற்கவில்லை என்று காட்டுவதற்குச் சட்டைப் பையில்தான் கை வைப்பான்.

"சரி சார், கணக்கே போட்டுக்குங்க" என்று சொல்லி ஐந்நூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். கணக்கு பேட்சின் முழுக் கட்டணம். தவணையில் கட்டலாம் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது.

"அப்பா" என்றாள் மகள். அவர் திரும்பவில்லை. டைரக்டர் பணத்தை எண்ணாமலே மேசை டிராயருக்குள் தள்ளினார். எண்ணாமல் வாங்குகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

இப்போது வெல்டருக்கு அவசரம் வந்துவிட்டது. "சார், நம்ம பையனுக்கு இன்னா கீது? அந்த மைனஸ அழிக்க முடியுமா, இல்ல அரை மார்க்குக்கு எதனா ஃபைன் கட்டணுமா?"

அதுவரை ஓரமாக நின்றிருந்த டீச்சர்தான் பதில் சொன்னார். "மைனஸ்னா சராசரிக்குக் கீழன்னு அர்த்தம் அண்ணா. மார்க் அறுபத்தாறு அப்படியே இருக்கு. சராசரி எழுபத்திரண்டு, ஆறு கம்மி. அவ்வளவுதான்."

"அப்ப பர்சன்டைல் முப்பது? முப்பத்தஞ்சு வாங்குனாதானே பாஸு?"

"அது மார்க் இல்லண்ணா. நூறு பேர் எழுதியிருந்தா முப்பது பேர் உங்க பையனுக்குக் கீழ இருப்பாங்கன்னு அர்த்தம்."

வெல்டர் பையனின் அட்டையை எடுத்து மறுபடி பார்த்தார். அறுபத்தாறு வாங்கிய பிள்ளையை என்னென்ன சொன்னோம் என்று யோசித்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு அவர், "அப்ப கணக்குல அறுபது பேர் நம்ம பையனுக்குக் கீழ கீறானுங்க!" என்றார் மார்பை நிமிர்த்திக்கொண்டு. நான் யோசித்தது தப்பு.

அப்போதுதான் என் மகள் கேட்டாள்.

"மிஸ், கணக்குப் பரீட்சைய எங்க கூட காமர்ஸ் குரூப் பசங்களும் எழுதினாங்களே. பயாலஜிய நாங்க மட்டும்தானே எழுதினோம்?"

டீச்சர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் ஜன்னலைப் பார்த்தார். ரயில் எதுவும் போகவில்லை.

விஷயம் எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த சென்டரில் சயின்ஸ் பிள்ளைகள் முப்பது பேர். கணக்குத் தேர்வன்று ஹால் நிரம்பியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து காமர்ஸ் படிக்கும் முப்பது பேரை இலவசம் என்று சொல்லிக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். இன்ஜினியரிங் கணக்கை அவர்கள் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. சமோசா கொடுத்தார்களாம். அதற்காகவே முழு நேரமும் உட்கார்ந்திருந்தார்களாம்.

"அப்போ அந்தச் சராசரி ஐம்பது..." என்று மகள் இழுத்தாள்.

"அவங்களையும் சேர்த்து" என்றார் டீச்சர். "அவங்க இழுத்துட்டாங்க. அவங்கள வச்சுப் பாத்தா சயின்ஸ் பசங்க எல்லாருக்குமே கணக்கு நல்லா வர்ற மாதிரிதான் தெரியும். ரெண்டு பரீட்சையையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னா, ரெண்டையும் எழுதினவங்க ஒரே கூட்டமா இருக்கணும். இல்லன்னா இசட்டுக்கு அர்த்தம் இல்ல."

"மேடம், இதெல்லாம் பேரன்ட்ஸுக்கு எதுக்கு?" என்றார் டைரக்டர்.

"கேட்டாங்க சார்" என்றார் டீச்சர். எனக்கு அந்தப் பெண்ணை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. பாவம், வேலை போகப் போகிறதே என்று கவலையும் வந்தது.

டீச்சர் கால்குலேட்டரை எடுத்து, மார்க் பட்டியலில் சயின்ஸ் பிள்ளைகளின் கணக்கு மார்க்கை மட்டும் தட்ட ஆரம்பித்தார். எங்களுக்கு டீ வந்தது. டைரக்டர்தான் வரவழைத்தார். டீ கொடுத்தால் கணக்கு மாறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் டீச்சர் கரும்பலகையில் பழைய வரிகளுக்குக் கீழே எழுதினார். முப்பது பேருக்கு மட்டும் கணக்கில் சராசரி ஐம்பத்தெட்டு, திட்ட விலக்கம் எட்டு. என் மகள் அறுபத்திரண்டு. நாலு அதிகம். நாலை எட்டால் வகுத்தால் அரை.

கணக்கிலும் அரை. உயிரியலிலும் அரை.

"பர்சன்டைலும் பாத்துட்டேன். முப்பது பேர்ல கணக்குல இருபத்தோரு பேர் இவளுக்குக் கீழ. எழுபது. பயாலஜில இருபது பேர். அறுபத்தேழு. ஒரே ஒரு ஆள் வித்தியாசம். சமம்னே வச்சுக்கலாம்."

"அப்ப நம்ம பையன்?" என்றார் வெல்டர்.

"கணக்குல ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்துமூணு. அஞ்சு கம்மி. எட்டால வகுத்தா... மைனஸ் பாயின்ட் ஆறு சொச்சம் அண்ணா."

"இன்னாம்மா நீ! அவன் பாட்டுக்கு பிளஸ்ல நிம்மதியா கீறான். அவன ஏன் இழுக்குற? ரெண்டுலயும் மைனஸா இப்ப?" என்று அவர் எழுந்தே விட்டார். "அந்த காமர்ஸ் பசங்கள திரும்ப உள்ள போடும்மா! சமோசா துன்னானுங்கல்ல, சும்மாவா துன்னானுங்க?"

எனக்கும் வெல்டரைப் போலத்தான் இருந்தது, வெளியே சொல்லவில்லை. ஒன்று பெரியது, அரை சின்னது என்று இருந்தபோது பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது. இரண்டும் அரை என்றால் என்ன செய்வது? இத்தனை வகுத்து, இத்தனை சுண்ணக்கட்டி தேய்த்து, கடைசியில் எண்கள் ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. முடிவு எடுக்க வேண்டியது மறுபடி நாங்கள்தான். அதற்காகத்தானே ஐயா உங்களிடம் வந்தோம்?

"சமம்னா எனக்குப் பிடிச்சதுக்குப் போறேன்" என்றாள் மகள். "பயாலஜி."

"பயாலஜி பேட்ச் ஃபுல்" என்றார் டைரக்டர் உடனே. அப்போது புரிந்தது, சிவப்பு மை ஏன் எல்லோரையும் கணக்குக்கே அனுப்பியது என்று. கணக்கு பேட்சில் இடம் காலி. வெல்டர் தன் அட்டையைத் திருப்பிக் காட்டினார். மைனஸ் இருந்த பையனுக்கும் 'கணக்கு பேட்ச் பரிந்துரைக்கப்படுகிறது'தான். குவார்ட்டர்ஸில் பிறகு விசாரித்தோம். முப்பது அட்டையிலும் அதே வரி.

என் வீட்டுக்காரர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், எங்க இன்ஸ்பெக்ஷன் கணக்க இங்க போட்டேன்னு சிரிச்சீங்க. சரி. ஆனா போல்ட்டையும் நட்டையும் ஒரே டப்பாவுல கொட்டி சராசரி எடுத்தா என்னைய அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

வெல்டர் இந்தத் தடவை அவர் பக்கம் சேர்ந்து சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஃபுல் என்று சொன்ன உயிரியல் பேட்சில் அடுத்த ஞாயிறு ஒரு ஸ்டூல் முளைத்தது. மகள் அதில் உட்கார்ந்து படித்தாள். அதற்கான கட்டணத்தை நாங்கள் தனியாகத் தவணையில் கட்டினோம். ஏனென்றால் கணக்குக்குக் கட்டியது கணக்குக்குத்தான், அதை மாற்ற முடியாது, திருப்பித் தருகிறேன் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். சயின்டிஃபிக்காக நடப்பவர் இல்லையா. டீச்சர் அந்த மாதக் கடைசியில் முகப்பேரில் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று மகளிடம் சொன்னாராம்.

மகளுக்கு மெடிக்கல் கிடைக்கவில்லை. விலங்கியல் படித்து இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ரிப்போர்ட்டில் நார்மல் அளவு என்று போட்டிருக்கும் இடத்தை என்னிடம் காட்டி, "யார வச்சு நார்மல்னு கேக்கணும்மா" என்பாள். நான் கேட்பதில்லை. கேட்டால் தூக்கம் போகும்.

டைரக்டர் அந்த ஐந்நூறைத் தவணையில் திருப்பித் தர ஆரம்பித்தார். முதல் மாதம் இருநூறு கொடுத்தார். இரண்டாம் மாதம் நூறு. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வகுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு நாள் போனால் மாடியில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, டைரக்டர் போர்டைக் காணோம். என் வீட்டுக்காரர் சைக்கிள் கடைக்காரரிடம் புது விலாசம் கேட்டார். கடைக்காரருக்கே டைரக்டரிடமிருந்து வாடகை வர வேண்டுமாம். எங்களுக்கு வர வேண்டியது இருநூறு ரூபாய்.